வீட்டுக்கு எடுத்த சரக்கும் கடைப் பணத்தில் கட்டிய வீட்டு பில்லும்

"பாலக்கோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன் அண்ணா. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடையிலிருந்துதான் வீட்டுக்குப் போகிறது. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், எல்ஐசி, வீட்டு கரண்ட் பில் எல்லாவற்றையும் கடைப் பணத்திலேயே கட்டி, செலவில் எழுதிவிடுகிறேன். கடையும் நான்தான், வீடும் நான்தான். இதைத் தனியாக எழுத வேண்டுமா? பேங்கில் கடன் கேட்டால், 'வருஷத்துக்கு உங்கள் லாபமே 60,000தானே' என்று திருப்பி அனுப்புகிறார்கள்."

அந்த 60,000 உங்கள் லாபம் இல்லை. வீடு சாப்பிட்டு, வீட்டு பில் எல்லாம் கட்டி முடித்த பிறகு கடையில் தங்கிய மிச்சம் அது. இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதியதால்தான் நல்லபடியாக ஓடுகிற கடை பேங்க்காரர் கண்ணுக்கு நோஞ்சானாகத் தெரிகிறது.

உங்கள் கணக்கு என் கையில் இல்லை. தருமபுரியில் இருபது வருஷமாகக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், இந்த அளவு மளிகைக் கடை எப்படி இருக்கும் என்று தெரியும். அதனால் உங்கள் 60,000க்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கணக்கை நானே போடுகிறேன். உங்கள் எண்களைப் பிறகு இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருஷ ஆரம்பத்தில் சரக்கு இருப்பு 4,00,000. வருஷம் முழுக்க வாங்கியது 36,00,000. கடைசி நாளில் எண்ணிப் பார்த்த இருப்பு 4,20,000. அப்படியானால் கடையை விட்டு வெளியே போன சரக்கின் அசல் விலை 35,80,000. விற்பனை 38,50,000. வித்தியாசம் 2,70,000, அதாவது நூற்றுக்கு ஏழு ரூபாய். செலவு என்று நீங்கள் எழுதியது 2,10,000. கழித்தால் 60,000. பேங்க் பார்த்தது இதைத்தான்.

இப்போது அந்த 35,80,000ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவ்வளவு சரக்கும் கஸ்டமருக்கா போனது? மாதம் 7,500 ரூபாய் அசலுக்கு உங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, நீங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள் என்றால் இது அதிகமான தொகையே இல்லை. வருஷத்துக்கு 90,000. அதைத் தனியே எடுத்துவிட்டால், விற்ற சரக்கின் அசல் 34,90,000 மட்டும்தான். 38,50,000லிருந்து கழித்தால் வருவது 3,60,000. நூற்றுக்கு ஏழு என்று தெரிந்தது ஒன்பது ரூபாய்க்கு மேலே போய்விட்டது. கடையில் எதுவும் மாறவில்லை, வீட்டுக்குப் போன சரக்கை மட்டும் அதன் இடத்தில் எழுதியிருக்கிறோம்.

செலவுப் பக்கமும் இப்படித்தான். 2,10,000இல் கடை வாடகை 60,000, கடை கரண்ட் 24,000, வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி 42,000, ஆக 1,26,000 மட்டும் கடைச் செலவு. மீதி 84,000 ஸ்கூல் ஃபீஸ், எல்ஐசி, வீட்டு கரண்ட், கேபிள் என்று எல்லாம் வீட்டினுடையது. 3,60,000லிருந்து 1,26,000 போனால் 2,34,000. இதுதான் உங்கள் கடை சம்பாதித்த லாபம்.

அப்படியானால் 1,74,000 எங்கே போனது? சரக்காக 90,000, பணமாக 84,000, இரண்டும் சேர்த்து நீங்கள் முதலாளி என்ற முறையில் கடையிலிருந்து எடுத்துக்கொண்டது. கணக்கில் இதற்கு எடுப்பு என்று பெயர். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'எடுப்புகள்' ஞாபகம் இருக்கும். பழைய சிட்டைகளில் 'வீட்டுப் பற்று' என்று எழுதியிருப்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வருஷ ஆரம்பத்தில் கடையில் உங்கள் முதல், அதாவது மூலதனம், 6,50,000 என்றால், நீங்கள் எழுதிய முறையில் 60,000 சேர்ந்து 7,10,000. நான் சொல்கிற முறையில் 2,34,000 சேர்ந்து, 1,74,000 கழிந்து, அதே 7,10,000. ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட், இரண்டிலும் சரியாகவே நிற்கும். அதனால்தான் வருஷக்கணக்கில் இப்படி எழுதியும் தப்பு என்று யாருக்கும் படுவதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் டேலி ஆகிறதே என்பார்கள். ஐந்தொகை டேலி ஆகும், லாபம் மட்டும் பொய்யாக இருக்கும்.

வரி மிச்சமாகும் என்று நினைத்து இப்படி எழுதுகிறவர்களும் உண்டு. உங்கள் விஷயத்தில் அதுவும் இல்லை. 2025-26 கணக்கு ஆண்டில் புதிய வரி முறையில் 4,00,000 வரை வருமான வரியே கிடையாது. வேறு வருமானம் இல்லையென்றால் 60,000 காட்டினாலும் பூஜ்யம், 2,34,000 காட்டினாலும் பூஜ்யம். வரியில் ஒரு ரூபாய் மிச்சமாகாமல், கிடைக்க வேண்டிய கடன் மட்டும் போயிருக்கிறது. வரி கட்டுகிற அளவுக்கு லாபம் வருகிறவர்களும் சொந்தச் செலவைக் கடைச் செலவாக எழுத முடியாது. வருமான வரிச் சட்டம் அதைக் கழிக்க விடாது, தணிக்கை வந்தால் ஆடிட்டர் அதைத் தனியாக எடுத்துக் காட்டியே ஆக வேண்டும்.

சரி, எழுதுவது எப்படி?

பணமாக எடுத்தது சுலபம். ஸ்கூல் ஃபீஸ் 18,000 கடை அக்கவுண்டிலிருந்து போனால் எடுப்புக் கணக்கில் பற்று, அதாவது டெபிட், 18,000, வங்கிக் கணக்கில் வரவு, அதாவது கிரெடிட், 18,000. கல்லாவிலிருந்து எடுத்தால் வங்கிக்குப் பதில் ரொக்கம். வேறு எந்தக் கணக்கையும் தொட வேண்டாம்.

சரக்காக எடுப்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எடுப்புக் கணக்கில் பற்று என்பது சரி. எதிர்ப் பக்கம் எது? விற்பனையா, கொள்முதலா?

எடுப்புகள் கணக்கு, பற்று: 7,500
கொள்முதல் கணக்கு, வரவு: 7,500
மார்ச் மாதம் வீட்டுக்கு எடுத்த சரக்கு, அசல் விலையில்

கொள்முதல்தான். விற்பதற்கென்று வாங்கிய 36,00,000இல் இவ்வளவு விற்பனைக்கு வரவில்லை என்று கொள்முதலைக் குறைக்கிறோம். விலையும் வாங்கிய விலைதான், பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி இல்லை. தன் சரக்கைத் தானே எடுத்துக்கொண்டு அதில் ஒருவன் லாபம் பார்க்க முடியாது.

இது ஏதோ கணக்குப்பிள்ளைகள் பேசி வைத்துக்கொண்ட வழக்கம் இல்லை. பம்பாயில் வெள்ளி வியாபாரம் செய்த சர் கிக்காபாய் பிரேம்சந்த் தன் வியாபாரச் சரக்கிலிருந்து வெள்ளிக் கட்டிகளையும் பங்குகளையும் எடுத்து அறக்கட்டளைக்கு மாற்றினார். அசல் விலையில்தான் எழுதினார். அன்றைய சந்தை விலைக்கு எழுதி, அந்த லாபத்துக்கு வரி கட்டு என்றது வருமான வரித்துறை. 1953இல் உச்ச நீதிமன்றம் அவர் எழுதியதுதான் சரி என்றது. வியாபாரத்திலிருந்து தன் பொருளைத் தானே எடுத்துக்கொள்பவன் அதில் எதுவும் சம்பாதிக்கவில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். இங்கே ஒரு எச்சரிக்கை: இது சாப்பிட்டுத் தீர்க்கிற மளிகைக்குப் பிரச்சினையே இல்லாமல் பொருந்தும். நகைக் கடைக்காரர் கடைச் சங்கிலியை எடுத்து வீட்டுச் சொத்தாக வைத்துக்கொண்டால் கதை வேறு. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அங்கே சந்தை விலை உள்ளே வருகிறது. அவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் எழுதக் கூடாது.

விற்பனையில் எழுதினால் என்ன கெட்டுவிடும் என்பீர்கள். கெடுவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். காரிமங்கலம் பக்கம் ஒரு கடையில் பில் போடுகிற மிஷினில் 'வீடு' என்று ஒரு கஸ்டமரைச் சேர்த்து, எடுத்ததையெல்லாம் அந்தப் பெயரில் கடன் பில்லாகப் போட்டு வந்தார்கள். ஒழுங்காகத்தான் செய்தார்கள், ஒரு நாள் விடவில்லை. நான்கு வருஷம் கழித்துப் பார்த்தால் வெளியிலிருந்து வர வேண்டிய பாக்கியில் முதல் பெயரே 'வீடு', 4 லட்சத்துக்கு மேல். வீடு எப்போது வந்து பாக்கியைக் கொடுக்கும்? விற்பனை அந்த அளவுக்கு ஊதிப் போயிருந்தது, லாபமும் எம்ஆர்பி கணக்கில் ஊதிப் போயிருந்தது. வராத பாக்கியை லாபமாகக் காட்டி அதற்கு வரியும் கட்டியிருந்தார்கள். உங்களுடையதற்கு நேர் எதிர்த் தப்பு.

ஆக, எழுதும் விதம் இரண்டு வரிதான். கஷ்டம் அந்த 7,500 என்ற எண்ணைப் பிடிப்பதில் இருக்கிறது. வீட்டம்மா வந்து ஒரு கிலோ பருப்பை எடுத்துக்கொண்டு போவார். பையன் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவான். அம்மா ஊருக்குப் போகும்போது தங்கச்சி வீட்டுக்கு ஒரு பை கட்டுவார். இதற்கு யார் பில் போடுவது?

நான் சொல்கிற வழி 40 பக்க நோட்டு ஒன்று, கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நூலில் கட்டிய பேனாவோடு. அதில் விலை எழுத வேண்டாம். விலை எழுதச் சொன்னால் இரண்டாம் நாளே யாரும் எழுத மாட்டார்கள். தேதி, பொருள், அளவு அவ்வளவுதான். '5ஆம் தேதி, து. பருப்பு 2 கிலோ, க. எண்ணெய் 2 லிட்டர், ராகி 5 கிலோ.' ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்தின பிறகு வாங்கின பில்லைப் பார்த்து நீங்கள் விலை போடுங்கள். பருப்பு வாங்கினது கிலோ 110 என்றால் 220, எண்ணெய் 170 என்றால் 340, ராகி 38 என்றால் 190, ஆக 750. பத்து நிமிஷ வேலை. மாதக் கடைசியில் நான்கு வாரத்தையும் கூட்டி ஒரே ஒரு பதிவு. பிஸ்கட், சாக்லெட் போன்ற சில்லறைகளுக்கு, இரண்டு வாரம் எண்ணிப் பார்த்து, மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். அதற்கு மேல் துல்லியம் பார்த்தால் நோட்டு நின்றுவிடும்.

இந்த நோட்டுக்கு வேறு ஒரு வேலையும் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை. சில வருஷங்களுக்கு முன்னால் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கடையில் என்னைக் கூப்பிட்டார்கள். மாதா மாதம் லாபம் இறங்குகிறது, கடைப் பையன்தான் திருடுகிறான் என்று முதலாளி முடிவே செய்துவிட்டார். பையனுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாரையும் எதுவும் சொல்லாமல் ஒரு மாதம் இந்த நோட்டைப் போடுங்கள் என்றேன். வீடு என்று அவர் நினைத்தது ஒரு வீடு. நோட்டில் வந்தது மூன்று வீடு. அவர் வீடு, அம்மா தனியாக இருந்த வீடு, அண்ணன் வீடு. மாதம் 16,000 ரூபாய் சரக்கு இப்படியே போய்க்கொண்டிருந்தது. அண்ணன் மனைவி மத்தியான நேரத்தில் வந்து எடுத்துக்கொண்டு போனது அவருக்கே தெரியாது. அவர் அப்போது சாப்பிடப் போயிருப்பார். பையனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் குடும்பச் சண்டை ஆகும் என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

வீட்டுக்குப் போவதை எழுதி எடுத்துவிட்டால்தான், மீதிக் குறைவு எதனால் என்று தேடவே முடியும். எலி தின்றதா, எடை குறைந்ததா, தேதி முடிந்து தூக்கிப் போட்டதா, உண்மையிலேயே யாராவது எடுக்கிறார்களா என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற கேள்வி. நோட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இருப்பு எண்ணி, நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். விலைவாசி பெரிதாக மாறாமலேயே பொங்கல் வருகிற காலாண்டிலும் ஊர் மாரியம்மன் பண்டிகை வருகிற காலாண்டிலும் மட்டும் இறங்கினால், வீட்டுக்குப் போனதை யாரோ எழுதவில்லை என்று அர்த்தம். பண்டிகைக்கு வெல்லம், நெய், முந்திரி என்று மொத்தமாக எடுத்தது நோட்டில் இருக்காது. போய்ப் பாருங்கள்.

டேலி சாஃப்ட்வேரில் சரக்கு இருப்பையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். F7இல் மேலே சொன்ன பதிவைப் போட்டால் பணக் கணக்கு சரியாகும், ஆனால் சரக்கின் அளவு குறையாது. இரண்டு கிலோ பருப்பு கணிப்பொறியில் மட்டும் இருந்துகொண்டே இருக்கும். Alt+F7இல் Stock Journal திறந்து, அந்தச் சரக்கை வெளியே போனதாகவும் காட்ட வேண்டும். எடுப்புக் கணக்கை உருவாக்கும்போது Capital Account குழுவுக்குக் கீழே வையுங்கள். Indirect Expenses கீழே வைத்தால் பெயர் மட்டும்தான் எடுப்பு, தொகை மறுபடியும் லாபத்தைத்தான் சாப்பிடும். இந்தத் தப்பை நான் எண்ணி முடியாத அளவு பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஜிஎஸ்டி. நீங்கள் ஜிஎஸ்டி எண்ணே வாங்கவில்லை, அல்லது காம்போசிஷனில் இருக்கிறீர்கள் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். வாங்கும்போது கட்டிய வரியை, அதாவது உள்ளீட்டு வரியை, கழித்து எடுக்காதவருக்குத் திருப்பித் தரவும் எதுவும் இல்லை, கட்டிய வரி சரக்கின் அசலிலேயே சேர்ந்திருக்கும். சாதாரண முறையில் மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவர் என்றால், சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரி கிடையாது என்கிறது சட்டத்தின் 17(5) பிரிவு. ஆனால் சரக்கு வாங்கும்போது எது வீட்டுக்குப் போகும் என்று தெரியாது, எல்லாவற்றுக்கும் எடுத்திருப்பீர்கள். அதனால் எடுத்த மாதத்தில் திருப்பித் தர வேண்டும். வரிக்கு முன் 2,000 ரூபாய்க்கு வாங்கிய எண்ணெய் டின் ஒன்று, வரி 5 சதவீதம், மத்தியம் 50, மாநிலம் 50. அதை வீட்டுக்கு எடுத்தால் எடுப்பில் பற்று 2,000 இல்லை, 2,100. எதிரே கொள்முதல் வரவு 2,000, இரண்டு உள்ளீட்டு வரிக் கணக்கிலும் வரவு 50, 50. அந்த 100ஐ GSTR-3Bயில் 4(B)(1) என்ற கட்டத்தில் காட்ட வேண்டும். சில்லறையாக விற்கிற பருப்பு, ராகி போன்றவற்றுக்கு வரியே இல்லை என்பதால் மளிகைக் கடையில் இது பெரிய தொகையாக வராது. வருகிற கொஞ்சத்தையும் மாதா மாதம் காட்டிவிட்டால் தொல்லை இல்லை. காட்டாமல், அந்த வரியை வேறு விற்பனைக்குக் கழித்தும்விட்டால், பிறகு 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டிவரும். முன்னால் போட்ட கணக்கில் நான் இந்த வரியைச் சேர்க்கவில்லை, குழப்பம் வேண்டாம் என்றுதான்.

பணமாகக் கட்டுகிற பில்லில் எது வீடு, எது கடை என்று தெளிவாகத் தெரிவதில் பிரச்சினை இல்லை. ஒட்டிக்கொண்டு வருவதுதான் தொல்லை. பாலக்கோட்டில் பாதிப் பேருக்கு முன்னால் கடை, பின்னால் அல்லது மாடியில் வீடு. ஒரே மீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 4,800 ரூபாய் பில் வருகிறது. ஃப்ரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி, கடை லைட் இவற்றின் வாட்டையும் ஓடுகிற மணி நேரத்தையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், வீட்டு மோட்டார், மிக்சி, டிவி, ஃபேன் ஒரு பக்கம். மூன்றில் இரண்டு பங்கு கடை என்று வந்தால் மின் செலவில் பற்று 3,200, எடுப்பில் பற்று 1,600, வங்கியில் வரவு 4,800. அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் ஃபைலில் வையுங்கள். யாராவது ஏன் மூன்றில் ஒன்று என்று கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் பங்கை மாற்றிக்கொண்டே போகாதீர்கள், பெரிய சாமான் ஏதாவது வாங்கினால் மட்டும் மாற்றுங்கள். கடைக்கான வணிக இணைப்பில் வீட்டையும் ஓட்டினால் வீட்டுக்கும் வணிகக் கட்டணம்தான் கொடுக்கிறீர்கள். தனி மீட்டர் போட்டுக்கொள்வது கணக்குக்கும் நல்லது, பைக்கும் நல்லது. வண்டி பெட்ரோல், போன் பில்லுக்கும் இதே மாதிரி ஒரு பங்கு.

சந்தேகமே இல்லாமல் எடுப்பில் போக வேண்டியவற்றைச் செலவில் எழுதுவதுதான் அதிகம். எல்ஐசி, வீட்டுக் கடன் தவணை, உங்கள் பெயரில் கட்டுகிற வருமான வரி, ஆஸ்பத்திரிச் செலவு. வருமான வரியைக் 'கடை வரி' என்று செலவில் எழுதி வைத்திருப்பார்கள். கடைக்கு வருமான வரி கிடையாது, அது உங்கள் வரி. மாதம் 15,000 எனக்குச் சம்பளம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒரே ஆள் நடத்துகிற கடையில் முதலாளி தனக்குத் தானே சம்பளம் கொடுக்க முடியாது, அதுவும் எடுப்புதான். மொய் விஷயத்தில் என்னோடு சண்டை போடாத கடைக்காரரே இல்லை. 'கஸ்டமர் வீட்டுக் கல்யாணம், போகவில்லை என்றால் வியாபாரம் போய்விடும்' என்பார்கள். உண்மைதான். ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர் திருப்பி வைக்கிற மொய்யைக் கடை வருமானத்திலா எழுதப் போகிறீர்கள்? அப்படியானால் போனதும் வீட்டுக் கணக்குதான். ஊர்ப் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவு வாங்கினால் எடுப்பு. கடைத்தெருவில் கடைக்கு இவ்வளவு என்று கடைப் பெயரில் ரசீது கொடுத்து வாங்கினால் கடையில் எழுதிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆடிட்டர்கள் இதில் வேறுபடுவார்கள்.

இந்தப் பக்கம் சரக்கு போவது போல அந்தப் பக்கம் வருவதும் உண்டு, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் நிலத்து ராகி இரண்டு மூட்டை, வீட்டு மரத்துப் புளி ஐம்பது கிலோ கடைக்கு வந்து விற்றுப் போயிருக்கும். காசு கொடுத்து வாங்காததால் கொள்முதலில் இல்லை, விற்ற பணம் மட்டும் விற்பனையில் இருக்கும். லாபம் அந்த அளவுக்கு ஏறிவிடும், அதுவும் விவசாய வருமானமாக இருக்க வேண்டியது கடை வருமானமாகிவிடும். அன்றைக்கு மண்டியில் என்ன விலை போனதோ அந்த விலைக்குக் கொள்முதலில் பற்று வைத்து, உங்கள் முதல் கணக்கில் வரவு வையுங்கள்.

இப்போது பணம் எடுக்கிற பழக்கத்துக்கு வருகிறேன். நோட்டில் எழுதுவது சரக்குக்குப் போதும். ஆனால் கடைக்கு முன்னால் ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடு எந்த அக்கவுண்டில் இருக்கிறது? உங்கள் சேமிப்புக் கணக்கு என்றால், கஸ்டமர் அனுப்பிய 140 ரூபாயும், மச்சான் திருப்பித் தந்த கைமாற்றும், ஸ்கூல் ஃபீஸும், கேஸ் சிலிண்டரும் ஒரே ஸ்டேட்மென்டில் கலந்து நிற்கும். மாதத்துக்கு அறுநூறு எழுநூறு வரி. மார்ச்சில் உட்கார்ந்து பிரிக்கப் பார்த்தால், 'இது என்ன 2,350?' என்று உங்களைத்தான் கேட்பேன், உங்களுக்கு ஞாபகம் இருக்காது, செலவு என்று போடச் சொல்வீர்கள். தப்பு அங்கேதான் பிறக்கிறது. கடைக்கு ஒரு கரண்ட் அக்கவுண்ட், க்யூஆர் அதற்கு. வீட்டுக்குச் சேமிப்புக் கணக்கு. வாரா வாரம் திங்கட்கிழமை ஒரு தொகையைக் கடையிலிருந்து வீட்டுக்கு மாற்றுங்கள். உங்கள் 84,000க்கு வாரம் 1,600 போட்டால் கிட்டத்தட்ட சரியாகிவிடும். வீட்டு பில் எல்லாம் அங்கிருந்து. கடைக் கணக்கில் வருஷத்துக்கு 52 வரிதான் எடுப்பு, ஒவ்வொரு பில்லாகத் தேட வேண்டியதே இல்லை.

இன்னொன்று. எடுப்பே இல்லாத கணக்கைப் பார்த்தால் வருமான வரி அதிகாரிக்கு வருகிற முதல் சந்தேகம், 'இவர்கள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள்?' என்பதுதான். வீட்டுச் செலவுக்கு எடுத்தது குறைவாகத் தெரிந்தால், மீதி வேறு எங்கிருந்தோ கணக்கில் வராமல் வந்திருக்கிறது என்று சேர்த்துவிடுகிற வழக்கம் உண்டு. விற்பனையில் 8 சதவீதம், பேங்க் வழியாக வந்ததற்கு 6 சதவீதம் என்று உத்தேச லாபம் காட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு எடுப்பை எழுதாததால் வரி மாறாது, ஆனால் வீடு எதில் ஓடியது என்ற கேள்வி மாறாமல் அப்படியே இருக்கும்.

கூட்டாக நடத்துகிற கடையாக இருந்தால் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி எடுப்புக் கணக்கு வேண்டும், நோட்டிலும் யார் வீடு என்று ஒரு எழுத்து. அண்ணன் தம்பி பிரிகிற நேரத்தில் அந்த ஒரு எழுத்துதான் பஞ்சாயத்தில் பேசும்.

கடைசியாக, நடந்து முடிந்த வருஷத்தை என்ன செய்வது? ரிட்டர்ன் போட்டு முடித்த வருஷத்தின் புத்தகத்தில் உட்கார்ந்து பழைய தேதியில் நோட்டு எழுதாதீர்கள். ஒரே மையில், ஒரே கையெழுத்தில் பன்னிரண்டு மாதம் இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். இந்த வருஷக் கணக்கு இன்னும் மூடவில்லை என்றால் வழி இருக்கிறது. வீட்டு பில்களை ஸ்டேட்மென்ட் பார்த்து ஒவ்வொன்றாகச் செலவிலிருந்து எடுப்புக்கு மாற்றுங்கள், எடுப்பில் பற்று, எந்தச் செலவில் எழுதினீர்களோ அதில் வரவு. சரக்குக்கு, இன்றிலிருந்து இரண்டு மாதம் நோட்டை நேர்மையாக எழுதி, அதன் சராசரியை மற்ற மாதங்களுக்கு எடுத்துக்கொண்டு, இது இரண்டு மாத நோட்டை வைத்துப் போட்ட மதிப்பு என்று பதிவின் கீழே எழுதிவிடுங்கள். பேங்குக்குப் போகும்போது ஐந்தொகையோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேனேஜர் கேட்கப் போவது, 2,34,000 லாபத்தில் வீட்டுக்கு எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு மிஞ்சும் என்றுதான். 1,74,000 வீட்டுக்கு, 60,000 மிச்சம் என்று உங்களால் பில்லோடு காட்ட முடியும். மாதம் 5,000க்குள் தவணை வருகிற மாதிரி கடனைக் கேளுங்கள்.